வெண்டைக்காய்: கமிஷன் கடையா, வாட்ஸ்அப் குழுவா?

இருபத்தைந்து சென்ட் வெண்டையில் ஒரு பறிப்புக்கு 40 கிலோ என்று கணக்கிடுவோம்.

விலை: கமிஷன் கடையில் கிலோ 20 ரூபாய் என்றால் 800. நூற்றுக்குப் பத்து கமிஷனும் மூட்டை வாடகை 40 ரூபாயும் போக 680 மிஞ்சும். வீடுகளுக்கு நேரடியாக விற்கும் வாட்ஸ்அப் குழுவில் கிலோ 35. ஆனால் முப்பது வீடுகள் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கேட்டால் 16 கிலோதான் போகும். 560 ரூபாயில் பெட்ரோலுக்கு 80 கழியும். மீதி 24 கிலோ எப்படியும் கமிஷன் கடைக்குத்தான், அதில் கமிஷனும் வாடகையும் போக 392. மொத்தம் 872.

உழைப்பு: கடையில் மூட்டையை இறக்கினால் வேலை முடிந்தது. குழுவுக்கு எடை போட்டு, பை கட்டி, வீடு வீடாகப் போக மூன்று மணி நேரம். கூடுதலாகக் கிடைப்பது 192 ரூபாய்!

இருப்பு: வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். தவறினால் முற்றிவிடும், நுனியை ஒடித்தால் ஒடியாமல் நார் இழுக்கும். வீடுகளோ வாரம் ஒருமுறைதான் கேட்கும்.

ஆகவே வெண்டைக்குக் கமிஷன் கடையே சரி. நன்றாகக் காயவைத்த சின்ன வெங்காயம் காத்திருக்கும், அதற்குத்தான் குழு. முன்பதிவு சேர்ந்ததும் ஒரே நடையில் கொடுத்துவிடலாம்.