மாமாவுக்கு மண் பரிசோதனை அறிக்கையைத் தாளில் எழுதிக் கொடுத்த நான்கு வருடம்

பெங்களூரில் வேலை, ஆனேக்கல் பக்கம் மாமனாருக்கு போர்வெல் பாசனத்தில் ஒரு ஏக்கர் ராகி. அவர் கன்னடம் நன்றாகப் பேசுவார், ஆனால் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். மண் பரிசோதனை அறிக்கையோ கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்தான் வரும். நான்கு வருடமாக அதை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். அந்தத் தாள் எப்படி மாறியது என்பதைச் சொல்கிறேன்.

முதல் வருடம் அறிக்கையில் இருந்த வரிசையிலேயே எழுதினேன். "தழைச்சத்து 210 கிலோ, குறைவு" என்று ஒரு வரி. அன்று மாலையே மாமா போன் செய்தார். "மாப்ளே, 210 கிலோ யூரியாவா போடணும்?" அந்த எண் ஒரு எக்டேர் மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் நிலையில் இருக்கும் சத்து. 280-க்குக் கீழே இருந்தால் குறைவு என்று கணக்கு. போட வேண்டிய அளவு அறிக்கையின் வேறொரு மூலையில், அதுவும் எக்டேர் கணக்கில் இருந்தது. அப்புறம் நான் மண்ணில் இருப்பதற்கு எண்ணே எழுதுவதில்லை. குறைவு, நடுத்தரம், அதிகம், அவ்வளவுதான். எண் வருவது போட வேண்டியதற்கு மட்டும், அதுவும் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று.

அந்த மூட்டைக் கணக்கு இப்படி. எங்கள் அறிக்கையில் ராகிக்குச் சொன்னது எக்டேருக்குத் தழைச்சத்து 100, மணிச்சத்து 50, சாம்பல்சத்து 50 கிலோ. ஒரு எக்டேர் சுமார் இரண்டரை ஏக்கர் என்பதால் ஏக்கருக்கு 40, 20, 20. இவை சத்தின் எடை, உரத்தின் எடை இல்லை. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான், ஆகவே 40 கிலோவுக்கு 87 கிலோ யூரியா தேவை. 45 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட இரண்டு. பொட்டாஷில் 60 சதவீதம், அதனால் 33 கிலோ போதும். மணிச்சத்துக்கு மாமா எப்போதும் டி.ஏ.பி. வாங்குவார். ஆனால் அறிக்கையில் கந்தகமும் குறைவு என்று இருந்ததால் சூப்பர் பாஸ்பேட் எழுதினேன். அதில் மணிச்சத்து 16 சதவீதம்தான், ஆகவே 125 கிலோ, இரண்டரை மூட்டை. சுமக்க அதிகம்தான், ஆனால் கந்தகமும் சுண்ணாம்புச்சத்தும் சேர்ந்தே போகும்.

இரண்டாம் வருடம் தாளின் தலையில் பி.எச். எண்ணை ஏற்றினேன். 5.2 என்று வந்திருந்தது. 7 நடுநிலை, அதற்குக் கீழே போகப் போக அமிலம். மாமாவிடம் "மண்ணு புளிச்சுப் போயிருக்கு" என்றேன், உடனே பிடித்துக்கொண்டார். இவ்வளவு புளித்த செம்மண்ணில் போடுகிற மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்குப் போவது கொஞ்சம்தான். வருடா வருடம் டி.ஏ.பி. போட்டும் பயிர் தெளியாததற்கு அதுவும் ஒரு காரணம். அறிக்கை எக்டேருக்கு ஒரு டன் விவசாயச் சுண்ணாம்பு என்றது. ஏக்கருக்கு 400 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் எட்டு. கோடை மழைக்குப் பிறகு தூவி உழுதுவிட்டு, விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் விட வேண்டும். சுண்ணாம்போடு யூரியாவைச் சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். அதனால் "சுண்ணாம்பு ஒரு நாள், யூரியா வேறு மாதம்" என்று சிவப்பில் எழுதினேன். மூன்றாம் வருடம் சோதனை செய்யவில்லை. நான்காம் வருடம் பி.எச். 5.8 வந்தது.

ஆனால் தாள் சரியாக இருந்தும் அறிக்கையே தப்பாக வரலாம். இந்த வருடம் அந்த ஒரே ஏக்கரின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் தனித்தனி மாதிரி கொடுத்தோம். மேல்பாதியில் அங்ககக் கரிமம் 0.4 சதவீதம், கீழ்பாதியில் 1.1 என்று வந்தது. ஒரே வயலில் அப்படி இருக்க வழியில்லை என்று விசாரித்தால், இரண்டாவது மாதிரியை எருக்குவி ஓரத்தில் எடுத்திருக்கிறார்கள். அதில் சாம்பல்சத்தும் அதிகம் என்று காட்டியது. அதை நம்பியிருந்தால் பொட்டாஷைக் குறைத்திருப்போம். வரப்பு, மரநிழல், எருக்குவி எல்லாம் தள்ளி, பத்துப் பதினைந்து இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு V வடிவில் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து அரைக் கிலோ அனுப்பினோம். மறு அறிக்கையில் கரிமம் 0.5 வந்தது.

இப்போது தாளில் மேலே மாதிரி எடுத்த இடம், அதன் கீழே மண்ணின் புளிப்பும் சுண்ணாம்பு அளவும், அப்புறம் மூன்று உரமும் மூட்டைக் கணக்கில். துத்தநாகம் குறைவாக இருந்ததால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் என்று ஒரு வரி, சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்காமல் தனியாகப் போடச் சொல்லி. போன வாரம் மாமா ஒன்று கேட்டார்: சுண்ணாம்பு போட்ட தேதியைப் பெரிய எழுத்தில், எல்லாவற்றுக்கும் மேலே எழுதித் தர வேண்டுமாம். மறு சோதனையை எப்போது வைப்பது என்று அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்கிறார்.