சிலிண்டரை அலமாரிக்குள் பூட்டிக் கொடுக்கும் மாடுலர் கிச்சன்: பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

புதிதாக மாடுலர் கிச்சன் போட்ட ஒரு வீட்டில் ஒப்பந்தக்காரர் செய்துவிட்டுப் போன வேலை இது. அடுப்பு மேடைக்குக் கீழே சிலிண்டருக்கென்று ஓர் அலமாரி. கதவு அடியில் தரையோடு ஒட்டி மூடுகிறது. காற்றோட்டத்துக்கு என்று கதவின் மேல்பகுதியில் மட்டும் சின்ன ஜாலி. அதே அலமாரிக்குள் தண்ணீர் சுத்திகரிப்பானுக்கு ஒரு பிளக் பாயின்ட். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் மிகவும் ஆபத்தான வேலை.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும், மேலே இருக்கும் ஜாலி வழியாக வெளியேறாது. 60 செ.மீ. அகலம், 60 ஆழம், 85 உயரம் என்றால் அலமாரியின் கொள்ளளவு சுமார் 300 லிட்டர். காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் வாயு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதாவது 6 லிட்டர் வாயு போதும், எடையில் 15 கிராம்கூட வராது. அடியில் தேங்குவதால் தரையோரத்தில் அதற்கும் முன்பே அந்த அளவு வந்துவிடும். பிளக்கில் வரும் ஒரு பொறி போதும். சிம்னி ஓடுகிறதே என்று நம்பாதீர்கள். அது அடுப்புக்கு மேலே உள்ள காற்றைத்தான் இழுக்கும்.

சிலிண்டர் நிமிர்ந்த நிலையில், அடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். முடிந்தால் வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அங்கும் சாக்கடைத் திறப்பு பக்கத்தில் வேண்டாம், கசிந்த வாயு அதற்குள் இறங்கித் தேங்கும். உள்ளேதான் என்றால் அந்த பிளக்கை எடுத்துவிட்டு, வெளிக்காற்றுக்குத் திறக்கும் துவாரம் தரைமட்டத்திலும் ஒன்று, மேலே ஒன்று வையுங்கள்.

அந்த வீட்டில் இன்னொரு கோளாறும் இருந்தது. பிளைவுட்டில் துளை போட்டு ரப்பர் ஹோஸை அப்படியே நுழைத்திருந்தார்கள். கூரான விளிம்பில் உரசி ஹோஸில் வெட்டுத்தழும்பு. துளைக்கு ரப்பர் வளையம் போடவேண்டும். இரண்டு ஹோஸை இணைத்து நீட்டக்கூடாது. ஹோஸ் அடுப்பின் சூடான அடிப்பகுதியைத் தொடவும் கூடாது. அடுப்பை மேடையின் விளிம்போடு ஒட்டி வைக்காதீர்கள், ஜன்னல் திரைச்சீலை எட்டாத தூரம் இருக்கட்டும்.

சோதிப்பது எளிது. அடுப்புத் திருகுகளை மூடி ரெகுலேட்டரை மட்டும் திறந்து, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வளர்ந்தால் கசிவு. தீக்குச்சியால் சோதிக்கவே வேண்டாம். வாடை வந்தால் சுடர்களை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறங்கள். எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் மின்விசிறியும் அப்படித்தான்.

சுவருக்குள் செம்புக்குழாய் போட்டால் டைல்ஸுக்குப் பின்னால் இணைப்பே இருக்கக்கூடாது, அங்கே சோப்பு தடவ வழியில்லை. டைல்ஸ் ஒட்டும் முன்பே குழாயில் காற்றடைத்து அழுத்தமானியை மாட்டச் சொல்லுங்கள். முள் இறங்காமல் நிற்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.