இரும்புக் கேட்டு வரைய சாலிட்வொர்க்ஸ் வெல்ட்மென்ட்: சில வருடம் பழகிய பிறகு

கூலிமில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, கேட்டு வேலைக்கு சாலிட்வொர்க்ஸ் வாங்கலாமா? அந்த வெல்ட்மென்ட் நிஜமாவே உதவுதா?" குழாய்ச் சட்டங்களைக் கணினியில் வரைய சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் இருக்கும் பகுதிதான் வெல்ட்மென்ட். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது சுங்கை சிப்புட் பக்கம். தாமான் வீடுகளுக்கு கேட்டு, தோட்டத்துக் கோவில்களுக்கு கிரில், அவ்வப்போது லோரிக்கு பின் சட்டம், இதுதான் எங்கள் பட்டறையின் வேலை. கோபுரமோ பாலமோ கட்டுபவர்களுக்கு இது பயன்படாது.

கோடு இழுத்து, `Structural Member` போட்டு, குழாய் அளவைத் தேர்ந்தெடுத்தால் சட்டம் வந்துவிடும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் போவது அந்தக் குழாய் அளவுதான். கூடவே வரும் சின்னப் பட்டியலில், ஐஎஸ்ஓ சதுரக் குழாயில் 40-க்கு அடுத்து 80 நிற்கிறது. நம்ம ஊர் இரும்புக் கடையில் கேட்டுக்கு எல்லாரும் வாங்கும் 50-க்கு 50 ஹாலோ அதில் இல்லை. பெரிய பட்டியலை இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அதிலும் நம்ம கடைக்காரரின் கனம் இருக்கும் என்று சொல்ல முடியாது. நாமே வரைந்து வைத்துக்கொள்வதுதான் நல்லது. குறுக்குவெட்டை ஒரு ஸ்கெட்ச்சாக வரைந்து, திரையின் ஓரத்தில் இருக்கும் ஃபீச்சர் ட்ரீயில் அந்த ஸ்கெட்ச்சைச் சொடுக்கிய நிலையிலேயே சேமிக்க வேண்டும். சொடுக்காமல் சேமித்தால் கோப்பு இருக்கும், உள்ளே குழாய் இருக்காது.

```
D:\profil\Malaysia\Hollow\50x50x2.3.sldlfp
```

கடைசிக்கு முந்திய இரண்டு அடுக்குகளும் முக்கியம். முதல் அடுக்கு தரம், அடுத்தது வகை. அந்த வரிசை மாறினால் பட்டியலில் எதுவும் தெரியாது. வரையும்போது மூலைகளிலும் பக்கங்களின் நடுவிலும் புள்ளி வைத்துவிடுங்கள். பிறகு `Locate Profile` அழுத்தினால், கோட்டில் குழாயின் எந்தப் புள்ளி உட்கார வேண்டும் என்று அந்தப் புள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சும்மா விட்டால் குழாயின் நடுமையம்தான் கோட்டில் உட்காரும். 1750 அகலக் கோடு 1800 அகலக் கதவாகிவிடும். திரையில் பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. வெட்ட வேண்டிய துண்டுகளை மென்பொருள் பட்டியல் போடும் கட் லிஸ்ட்டில் நீளத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, இனி இது ஏன் எனக்குப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். மூலை. `End Miter` அழுத்தினால் நாலு மூலையும் 45 பாகையில் சேர்ந்துவிடும். இங்கே மழை பெய்யும் அளவுக்கு, குழாயின் வாய் திறந்தபடி நிற்கும் கேட்டு உள்ளிருந்து துருப்பிடித்துப் போகிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே காலி. மைட்டர் மூலைக்குத் திறந்த வாய் கிடையாது, மூடி தேடி ஒட்டவும் வேண்டாம். நேர் வெட்டில் இருந்து மைட்டருக்கு மாற்றினால் எந்தச் சட்டம் எவ்வளவு நீளம் என்ற கணக்கு முழுவதும் மாறும். முன்பு அதைக் கையால் போடுவோம். இப்போது மூலையில் இருக்கும் புள்ளியைச் சொடுக்கி, அந்த ஒரு மூலையை மட்டும் கூட மாற்றலாம், நீளங்கள் தானாகத் திருந்திக்கொள்ளும். வீட்டுக்கார அம்மா கடைசி நேரத்தில் "இன்னும் நாலு இஞ்சு உசரம் வைங்க தம்பி" என்று சொன்னால் முன்பு எனக்குத் தலைவலி. இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

எரிச்சலுக்கு வருகிறேன். ஒரு வேலையை எடுத்துக்கொண்டு சொன்னால்தான் புரியும்.

தூண்களுக்கு நடுவே 3550 மில்லிமீட்டர் வாசல். இரண்டு கதவு, ஒவ்வொன்றும் 1750 அகலம், 1800 உயரம். மிச்சமுள்ள 50-ல் கீல் பக்கம் இருபது இருபது, நடுவில் பத்து. வெளிச்சட்டம் 50 ஹாலோ, நாலு மூலையும் மைட்டர். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், அது நிற்கும் சட்டங்களுக்கு இடையே உட்காருவதால் 1650. ஆக 1800-ல் நாலு, 1750-ல் நாலு, 1650-ல் இரண்டு. கட் லிஸ்ட்டில் மூன்றே வரி. அழகு.

அப்புறம் துளை போட ஆரம்பித்தேன். கேட்டைத் தானாகத் திறக்கும் மோட்டாரின் கைக்கு கீல் பக்கச் சட்டத்தில் போல்ட் துளை. இடதும் வலதும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிரெதிர், அதனால் இரண்டும் ஒன்றல்ல. பூட்டுப் பெட்டிக்கு ஒரு சட்டத்தில் வாய், அதற்கு எதிர்ச் சட்டத்தில் நாக்குக்கு ஒரு துளை. ஒரு கதவின் அடிச்சட்டத்தில் தரைத்தாழ்ப்பாள், இரண்டு அடிச்சட்டத்திலும் தண்ணீர் வடியச் சின்னத் துளை. இவ்வளவும் போட்ட பிறகு கட் லிஸ்ட்டைத் திறந்தால் மூன்று வரி எட்டு வரியாகி நிற்கிறது. 1800 மட்டும் தனித்தனியாக நாலு வரி, ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை 1.

மென்பொருளின் பார்வையில் இது தப்பே இல்லை. வடிவத்தில் ஒத்துப்போகும் துண்டுகளைத்தான் அது ஒரே கட்டாகக் கட்டுகிறது. ஒரு துளை மாறினாலும் வேறு துண்டு. ஆனால் வெட்டுகிறவர் துளையைப் பார்த்து வெட்டுவதில்லை, நீளத்தைப் பார்த்து வெட்டுகிறார். எங்கள் பட்டறையில் வெட்டும் தம்பி தாளைக் கொண்டுவந்து, "அண்ணே, இது நாலும் ஒண்ணுதானே, ஏன் பிரிச்சு பிரிச்சு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாலு வரியைப் பார்த்தால், வெட்டும் நீளத்தை நிறுத்தி வைக்கும் ஸ்டாப்பரை நாலு முறை கழற்றி மாட்டத் தோன்றும். ஒரே ஸ்டாப்பரில் வெட்டிய நாலு சட்டமும் ஒரே நீளமாக இருக்கும். அது 1800-க்கு ஒரு மில்லி கூடக்குறைய இருந்தால்கூட பரவாயில்லை, நாலும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். நாலு முறை மாட்டினால் ஒன்று 1800, ஒன்று 1801, ஒன்று 1799. மைட்டர் மூலை இதை மன்னிக்காது. நேர் வெட்டு மூலையில் சட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துச் சமாளிக்கலாம். மைட்டரில் ஒரு பக்கம் நீண்டால் வெட்டு வாய் பிளந்து நிற்கும், இல்லையென்றால் சட்டம் கோணிக்கொள்ளும். மூலைகளில் சின்னச் சின்னதாக டேக் வெல்டிங் அடித்த பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இந்தக் கதவுக்கு இரண்டுமே 2510 அரை மில்லி வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் முழு வெல்டிங் போடாதீர்கள்.

இதற்கு வழி உள்ளேயே இருக்கிறது. வெல்ட்மென்ட் தொடங்கும்போதே அது `As Machined`, `As Welded` என்று இரண்டு நிலைகளை உருவாக்கிவிடும். துளை, வாய், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் `As Welded` நிலையில் `Suppress` கொடுத்து, அதாவது தெரியாதபடி அமுக்கி வைத்து, வெட்டுவதற்கான தாளை அந்த நிலையிலிருந்து எடுத்தால் மறுபடி மூன்று வரிதான். துளை போடுகிறவருக்கு `As Machined` நிலையில் இன்னொரு தாள். வேலை நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர்களைப் பாருங்கள். பெரிய இயந்திரச் சட்டத்தை முதலில் பற்றவைத்து, அதன் பிறகு துளைத்து, கடைந்து எடுப்பவர்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. நம்ம பட்டறையில் குழாய் தனியாக, மேசைமேல் கிடக்கும்போதே துளை போட்டுவிடுவோம். பற்றவைத்த கதவை டிரில் மெஷினுக்குக் கீழே யார் தூக்கிப் பிடிப்பது? வரிசையே தலைகீழ். ஒவ்வொரு புதுத் துளைக்கும் "இதை அமுக்கினேனா?" என்று திரும்பிப் பார்க்க வேண்டும். இத்தனை வருடமாகியும் இந்த எரிச்சல் தீரவில்லை. "நீளமும் வெட்டுக் கோணமும் ஒன்றாக இருந்தால் ஒரே வரி" என்று ஒரு டிக் வைக்க இடம் கொடுத்திருந்தால் நான் ஏன் இங்கே உட்கார்ந்து புலம்பப் போகிறேன்?

இன்னொன்று, இதைவிடச் சின்னது, ஆனால் காசு போகிற விஷயம். கட் லிஸ்ட்டில் `TOTAL LENGTH` என்று ஒரு பண்பு உண்டு. மேலே சொன்ன கேட்டுக்கு மூன்று வரியையும் கூட்டினால் 17,500 வரும். கடைக் குழாய் 6 மீட்டர். மூன்று குழாய் 18,000, அரை மீட்டர் மிச்சம் என்று கணக்குப் போட்டு லோரிக்குச் சொல்லிவிடத் தோன்றும். வெட்டிப் பாருங்கள்: ஒரு குழாயில் மூன்று துண்டுக்கு மேல் வராது. இருப்பதிலேயே சின்ன நாலு துண்டைக் கூட்டினாலே 6,800. பத்துத் துண்டுக்கு நாலு குழாய் வேண்டும். மைட்டர் வெட்டில் ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் ஒரே சாய்வு வெட்டு போதும். குழாயைப் புரட்டிப் போட்டு அடுத்ததை வெட்டினால் முக்கோணக் கழிவு இல்லாமல் ஒவ்வொரு பொது வெட்டிலும் 50 மில்லி மிச்சமாகும், வெட்டும் கல் தின்னும் மூன்று மில்லி போக. நல்ல பழக்கம்தான். ஆனாலும் இந்தக் கேட்டுக்கு நாலாவது குழாயை அது காப்பாற்றாது. எந்தத் துண்டை எந்தக் குழாயில் வெட்டுவது என்பதை இந்தக் கட் லிஸ்ட் யோசிப்பதே இல்லை. அதை இன்னும் நான் தாளில்தான் போடுகிறேன்.

ஆகவே நண்பரே, உங்கள் கேள்விக்குப் பதில்: வாங்க வேண்டாம். மாதத்துக்கு நாலைந்து நேர்ச் சதுரக் கேட்டுக்கு, ஒரு பென்சிலும் நல்ல டேப்பும் போதும். வருடச் சந்தா கட்டிவிட்டு, துளையை அமுக்க மறந்து, அதோடு சண்டை போடவா? நான் மட்டும் இந்த மாதம் மறுபடி கட்டிவிட்டேன். மேற்சட்டம் சரிவாக ஓடும் கேட்டு ஒன்று வந்திருக்கிறது. உள்ளே நிற்கும் ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு நீளம். அதைக் கையால் கணக்குப் போட எனக்குப் பொறுமை இல்லை.

50 ஹாலோ கோப்பு வேண்டுமானால் அனுப்புகிறேன். ஆனால் முதலில் உங்கள் கடைக் குழாயை வெர்னியரில் அளந்து பாருங்கள். 50.8 வந்தால் என் கோப்பை அப்படியே போடாதீர்கள், நடுச்சட்டம் ஒன்றரை மில்லி நீண்டு உள்ளே போகாது.