மிச்ச ஆர்டர்கள்: DAY போட்டுவிட்டுத் தூங்குவதா, ஸ்கிரிப்ட் வைத்துக் கேன்சல் செய்வதா?

பங்குச் சந்தையில் நிறைவேறாமல் தொங்கும் ஆர்டர்களை நாள் முடிவில் ஒழிக்க எனக்குத் தெரிந்து உருப்படியான வழி இரண்டு. எல்லாவற்றையும் `GTC`-யாக, அதாவது நாமே கேன்சல் செய்யும்வரை உயிரோடிருக்கும்படி போட்டுவிட்டு, சந்தை மூடுவதற்குச் சற்று முன்னால் ஒரு ஸ்கிரிப்ட் ஓடி மிச்சத்தைக் கேன்சல் செய்வது ஒன்று. போடும்போதே `DAY` என்று போட்டு, அதுவாகக் காலாவதியாக விடுவது இன்னொன்று. திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கையால் அழிப்பதும் உண்டு, ஆனால் அது மறதி இல்லாதவர்களுக்கு. எனக்கு மறதி உண்டு.

ஒரு வருடத்துக்கு மேல் முதல் வழியில் இருந்துவிட்டு இரண்டாவதுக்கு மாறியவன் நான், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மிச்ச ஆர்டர் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு பங்கு 100-ல் முடிகிறது, 97-க்கு 200 பங்கு வாங்க லிமிட் போட்டிருக்கிறீர்கள், அது `GTC`. இரவில் கெட்ட செய்தி வந்து மறுநாள் 88-ல் திறக்கிறது. உங்களுக்கு 97-க்குக் கிடைக்கும் என்று பலர் பயப்படுவார்கள், அப்படி இல்லை. லிமிட் என்பது மேல் வரம்புதான், சேர்ந்திருக்கும் ஆர்டர்களை ஒன்றாக வைத்து அன்றைய முதல் விலையை முடிவு செய்யும் திறப்பு ஏலத்தில் 88-ஐ ஒட்டியே கிடைக்கும். விலை அநியாயம் இல்லை, சிக்கல் வேறு. 97 என்பது நேற்றைய செய்தியை வைத்து நேற்று போட்ட கணக்கு. இன்று காலை யாராவது கேட்டிருந்தால் 88-க்கும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள், ஆனால் யாரும் கேட்கவில்லை, 200 பங்கு கணக்கில் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்கிரிப்ட் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பல சந்தைகளில் `DAY` ஆர்டர் முடிவு ஏலத்திலும் கலந்துகொள்ளும், அங்கே ஃபில் ஆவது, அதாவது ஆர்டர் நிறைவேறுவது, வேண்டாம் என்றால் அதற்கு முன்பே கேன்சல் செய்தாக வேண்டும். எந்த ஆர்டர் போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று தரம் பிரிக்கவும் ஸ்கிரிப்டால் முடியும். தினமும் ஒரே இடத்தில் ஆர்டர் வைத்துக் காத்திருப்பவர்களுக்கு மறுபடி மறுபடி போடும் வேலையும் மிச்சம்.

என்னை மாற வைத்தது ஒரே ஒரு கேள்வி: என் பக்கம் எதுவும் வேலை செய்யாத நாளில் என்ன ஆகும்? `DAY` போட்டிருந்தால் என் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், இணையம் போயிருந்தாலும், நானே மயங்கிக் கிடந்தாலும் ஆர்டர் செத்துவிடும், ஏனென்றால் அதைக் கொல்லும் வேலை என்னிடம் இல்லை. `GTC`-யில் நேர்மாறு, நான் ஏதாவது செய்தால்தான் சாகும். நான் தவறினால் உயிரோடு இருக்கும்.

என் ஸ்கிரிப்ட் தவறிய விதம் ரொம்பச் சாதாரணமானது. சந்தை இருக்கும் இடத்தில் கோடைகால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள், ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் ஓட்டும் என் `cron` என் ஊர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஓட வேண்டியது, மூடி ஐம்பது நிமிடம் கழித்து ஓடியது. பிழை எதுவும் வரவில்லை. கேன்சல் கோரிக்கையைப் புரோக்கர் வாங்கிக்கொண்டார், ஸ்கிரிப்டும் முடிந்தது என்று எழுதிவிட்டுப் போனது. ஆனால் சந்தை மூடிய பிறகு அனுப்பிய கோரிக்கை அங்கே `PendingCancel` நிலையிலேயே நின்றது, மறுநாள் காலையில்தான் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று ஆர்டரில் இரண்டு கேன்சல் ஆயின, ஒன்று அதற்குள் ஃபில் ஆகிவிட்டது. எல்லாப் புரோக்கரிடமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், நான் பார்த்தது இரண்டே பேர், அதில் ஒருவர் இப்படி.

இதில் கற்றது, கேன்சல் என்பது கட்டளை இல்லை, வேண்டுகோள். `PendingCancel` என்றால் கேட்டிருக்கிறோம் என்று மட்டும்தான் அர்த்தம், அந்த இடைவெளியில் ஃபில் ஆகலாம், பாதி ஃபில் ஆகலாம். 500-க்குப் போட்டதில் 180 ஏற்கெனவே கிடைத்திருந்தால் கேன்சல் ஆவது மீதி 320-தான், அந்த 180 உங்களுடையதுதான். ஆகவே ஸ்கிரிப்ட் வழியிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், அனுப்பிவிட்டு நிற்காமல் திரும்பிக் கேளுங்கள்:

```python
import time

for o in broker.open_orders():
    broker.cancel(o.id)

time.sleep(20)
left = broker.open_orders()
if left:
    alert(left)
```

`broker`, `alert` இரண்டும் உங்கள் நிரலில் எந்தப் பெயரில் இருக்கிறதோ அது. கடைசி மூன்று வரிதான் முக்கியம். `open_orders` பட்டியலில் `PendingCancel`-ம் வருகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் வராது, அப்போது இந்தச் சோதனையே பொய்யாகிவிடும்.

சரி, `DAY`-யில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. சந்தை மூடிய பிறகு `DAY` போட்டால் பல புரோக்கர்கள் அதை நிராகரிப்பதில்லை, வரிசையில் வைத்து மறுநாள் காலை அனுப்புகிறார்கள். எதற்காக `DAY` போட்டோமோ அதுவே கவிழ்கிறது. எதிர்கால ஒப்பந்தச் சந்தைகளில் இது இன்னும் குழப்பம், அங்கே பல இடங்களில் மாலையிலேயே அடுத்த வர்த்தக நாள் தொடங்கிவிடும், மாலையில் போட்ட `DAY` மறுநாள் முடிவுவரை உயிரோடிருக்கும். இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் கிரிப்டோவில் நாள் முடிவு என்றே ஒன்று இல்லை, அங்கே ஸ்கிரிப்ட் வேண்டும்தான். அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் கொஞ்சம்தான்.

அப்புறம் ஸ்டாப் லாஸ், விலை குறித்த அளவுக்கு விழுந்தால் தானாக விற்கும் ஆர்டர். இரவு தாண்டிக் கையில் வைத்திருக்கும் பங்குக்குப் போட்ட ஸ்டாப் `DAY`-யாக இருந்தால் அதுவும் சேர்ந்து செத்துவிடும், காலையில் பாதுகாப்பு இல்லாமல் நிற்பீர்கள். எல்லாவற்றையும் அழிக்கும் ஸ்கிரிப்டும் இதே வேலையைத்தான் செய்யும். ஆகவே வாங்கப் போடும் ஆர்டர் எல்லாம் `DAY`, ஸ்டாப் மட்டும் `GTC` என்று பிரித்துவிட்டேன்.

பிரித்ததில் ஒரு புதுத் தலைவலி. 300 பங்கு வாங்கி 46-ல் விற்க ஸ்டாப் வைத்திருந்தேன் என்று வையுங்கள். மதியம் மனம் மாறி 51-க்குக் கையால் விற்றுவிட்டேன், ஸ்டாப்பை மறந்துவிட்டேன். மறுநாள் 45-ல் திறந்தால் அந்த அனாதை ஸ்டாப் பாய்ந்து, இல்லாத 300 பங்கை விற்கும். மார்ஜின் கணக்கில் இது 300 பங்கு ஷார்ட், நான் போடவே போடாத பொசிஷன். இதனால் ஸ்கிரிப்டை முழுதாகத் தூக்கிப் போடவில்லை. இப்போதும் மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒன்று ஓடுகிறது, இம்முறை சந்தையின் நேர மண்டலத்தில். அது எதையும் கேன்சல் செய்யாது. விற்கும் ஸ்டாப் ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் கையிருப்போடு ஒப்பிட்டு, ஸ்டாப் அதிகமாக இருந்தால் போனுக்குச் செய்தி அனுப்பும், அழிப்பது நான்தான். அது ஓடாமல் போனாலும் வாங்கும் ஆர்டர்கள் எப்படியும் போய்விடும், கவலைப்பட ஸ்டாப் மட்டும்தான் மிச்சம்.