மஸ்கட்டில் நான்கு வருடம்: ஊர் நம்பரும் ஓடிபியும்

கல்லிடைக்குறிச்சியில் வாங்கிய பிரீபெய்டு சிம்மை மஸ்கட்டில் நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். பேங்க், ஆதார், வருமான வரிக் கணக்கு எல்லாம் அந்த நம்பரில்தான். போனில் அது இரண்டாவது சிம். டேட்டா ரோமிங்கை எப்போதும் அணைத்தே வைத்திருப்பேன். ஓடிபி சாதாரண எஸ்எம்எஸ்ஸாக வருவதால் அதற்கு டேட்டா தேவையில்லை. என் பிளானில் ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசும் இல்லை. ஆனால் வரும் அழைப்பை எடுத்தால் காசு போகும், அதனால் எடுப்பதில்லை.

நம்பர் உயிரோடு இருப்பதும் ஓடிபி வருவதும் ஒன்று என்று நினைத்திருந்தேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி 90 நாள் பயன்படுத்தாமல் இருந்தாலும், பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் பிரீபெய்டு நம்பரை நிறுத்த மாட்டார்கள். அந்த 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். அதை நம்பி பேலன்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஜூலை கடைசியில் வரிக் கணக்கு தாக்கல் செய்துவிட்டு ஆதார் ஓடிபியால் சரிபார்க்கப் போனேன். சிக்னல் முழுசாக இருந்தது, ஓடிபி வரவே இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். தாக்கலுக்குப் பிறகு 30 நாள் அவகாசம் உண்டு என்றாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. பார்த்தால், பிளானின் வேலிடிட்டி முடிந்து பல வாரம் ஆகியிருந்தது. நம்பர் போகவில்லை, வரும் சேவைதான் நின்றிருந்தது. அம்மா கடைக்குப் போய் ரீசார்ஜ் போட்டுவிட்டு, "அண்ணாச்சி போட்டுட்டாருய்யா, இப்பம் வருதான்னு பாரு" என்றாள். போனை அணைத்துப் போட்டதும் வந்தது.

அப்புறம் அம்மாவை அலைய விடவில்லை. டேட்டா இல்லாமல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் பிளான்களை 2024 டிசம்பரில் டிராய் கட்டாயமாக்கியது. வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம். எனக்கு அதுவே போதும். விடுமுறைக்கு வரும்போது ஒருமுறை போட்டுவிட்டு, முடியும் தேதியை காலண்டரில் குறித்து வைக்கிறேன்.

வேலிடிட்டி இருந்தும் வராத நாளும் உண்டு. அப்போது செட்டிங்ஸில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி, வேறு ஓமன் நெட்வொர்க்கை நானே தேர்ந்தெடுப்பேன். பெரும்பாலும் அதில் சரியாகிவிடும். தாமதமாக இரண்டு மூன்று ஓடிபி சேர்ந்து வந்தால் கடைசியாகக் கேட்டதற்கு உரியதுதான் செல்லும், முந்தியவை வீண். அதனால் ஒன்றைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுக்கிறேன்.

இந்த விடுமுறையில் சிம்மை இசிம்மாக மாற்றினேன். மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, இது சிம் மோசடியைத் தடுக்கும் ஏற்பாடு. கிளம்பும் நாளில் மாற்றினால் பழுதா, தடையா என்று தெரியாமலே விமானம் ஏற வேண்டியிருக்கும். நான் வந்த மூன்றாம் நாளே மாற்றிவிட்டேன். ரோமிங் சேவை இயங்குவதையும் இங்கிருந்தே ஆப்பில் பார்த்துக்கொண்டேன்.