வாலட் பின், கார்டு பின், போன் லாக்: மூணுக்கும் ஒரே நம்பர் வச்சு ஆறு வருஷத்துல நான் பட்டது

2019ல ஒரு லெட்ஜர் நானோ எஸ் வாங்குனேன், பென் டிரைவ் சைஸ்ல ரெண்டு பட்டன் வச்ச, பிட்காயினோட சாவிய உள்ள பூட்டி வைக்கற ஹார்டுவேர் வாலட். கொஞ்சமா பிட்காயின் இருந்துச்சு, வாங்குன எக்ஸ்சேஞ்ச் ஆப்லயே விட மனசில்ல, அதுக்காகத்தான். செட்டப் பண்ணும்போது 4ல இருந்து 8 நம்பர் வரைக்கும் பின் கேட்டுச்சு, நான் யோசிக்கவே இல்ல, ஏடிஎம் கார்டுக்கு என்ன நாலு நம்பரோ அதையே தட்டிட்டேன். போன் லாக்கும் அதேதான். ஒண்ணு ஞாபகம் வச்சா போதும்ல, அப்படிங்கற சோம்பேறித்தனம் தான், வேற காரணம் எதுவும் இல்ல.

ரெண்டு வருஷம் அந்த வாலட்ட தொடவே இல்ல. நடுவுல கார்டு எக்ஸ்பயரி ஆகி புது கார்டு வந்துச்சு, புது பின் போட்டேன், போன் மாத்துனப்ப லாக்கும் மாறிடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை வாலட்ட எடுத்து சொருகுறேன், எது பழைய நம்பர்னு சத்தியமா ஞாபகம் இல்ல. ரெண்டு தடவ தப்பு. சரி இன்னும் ஒண்ணு போட்டுப் பாப்போம், மிஞ்சிப் போனா நாளைக்கு வரைக்கும் பிளாக் ஆகும் அவ்ளோதானேன்னு ஏடிஎம் மாதிரியே நெனச்சு மூணாவது தட்டுனேன். நாளைக்கு வரைக்கும்லாம் இல்ல. மூணு தப்பு வரிசையா விழுந்தா அது தன்னையே அழிச்சுட்டு கடையில இருந்து வந்த புது பீஸ் மாதிரி ஆயிடும். டிரெசர்னு இன்னொரு கம்பெனி வாலட்ல இது வேற மாதிரி, ஒவ்வொரு தப்புக்கும் காத்திருக்கிற நேரம் ஏறிக்கிட்டே போகும், தப்பு ரொம்ப சேந்தாதான் அழியும். எதுவா இருந்தாலும் போன் பண்ணி “சார் பின் மறந்துட்டேன்”னு சொல்ல கஸ்டமர் கேர்ல ஒருத்தரும் இல்ல, ஏன்னா அந்த பின் கம்பெனிக்கே தெரியாது, அது அந்த சின்ன டப்பாக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு.

என்னைக் காப்பாத்துனது பீரோல துணிக்கு அடியில மடிச்சு வச்சிருந்த பேப்பர். முதல் நாள் அது காட்டுன 24 இங்கிலீஷ் வார்த்தைய வரிசையா எழுதி வச்சிருந்தேன். அந்த வார்த்தைய வாலட்ல திரும்ப ஏத்தும்போது முதல்ல புது பின் ஒண்ணு போடச் சொல்லுது, பழையது என்னன்னு கேக்கவே இல்ல, அப்பதான் எனக்கு உறைச்சுச்சு, பின்னுக்கும் காசுக்கும் சம்பந்தமே இல்ல போலன்னு. அப்புறம் ரெண்டு பட்டன வச்சு ஒவ்வொரு எழுத்தா தேடித்தேடி 24 வார்த்தையும் அடிக்கணும், முக்கா மணி நேரம் ஆச்சு, கடைசில பார்த்தா வார்த்தைகள் தப்புன்னு சொல்லிடுச்சு. வயித்த கலக்கிருச்சு. திரும்பத் திரும்ப பேப்பர பாத்தா, `wall`னு நான் படிச்சது உண்மையில `walk`, என் கையெழுத்து லட்சணம் அப்படி. மொத்தம் 2048 வார்த்தை உள்ள லிஸ்ட்ல ரெண்டுமே இருக்கு, அதனால அடிக்கும்போது மாட்டல, கடைசி வார்த்தைக்குள்ள ஒரு சரிபார்ப்பு ஒளிஞ்சிருக்கு, அதுதான் பிடிச்சுக் குடுத்துச்சு. மாத்தி அடிச்சதும் பேலன்ஸ் அப்படியே வந்துருச்சு.

ஆக அந்த பின் எதுக்குன்னா, டப்பா வேற ஒருத்தன் கையில சிக்கினா அவன் தொறக்காம இருக்கறதுக்கு, அவ்ளோதான். அந்த 24 வார்த்தை பேப்பர் ஒருத்தன் கையில சிக்குச்சுன்னா பின் எட்டு நம்பரா இருந்தாலும் வேலைக்கு ஆகாது, அவன் வேற ஒரு வாலட்ல அதை ஏத்தி அவன் இஷ்டத்துக்கு ஒரு பின் போட்டு எடுத்துட்டுப் போயிட்டே இருப்பான். நான் ரெண்டு வருஷமா பின்ன பொக்கிஷம் மாதிரி பாத்துக்கிட்டு பேப்பர பழைய துணியோட போட்டு வச்சிருந்தேன்.

கார்டு பின் இதுக்கு அப்படியே தலைகீழ். ஏடிஎம்ல தட்டுறது பூட்டுன கவர்ல பேங்குக்குப் போகுது, சரியா தப்பான்னு சொல்றது அவங்க சிஸ்டம். பெரும்பாலும் மூணு தப்புல அன்னிக்கு பிளாக், மறந்தா ஆப்லயோ ஏடிஎம்லயோ புதுசு போட்டுக்கலாம். வெறும் நாலு நம்பர் போதுமா இருக்கறதும் இதனாலதான், எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கற ஆள் அந்தப் பக்கம் இருக்கார், 10,000 நம்பரையும் ஒருத்தன் போட்டுப் பாக்க முடியாது. யூபிஐ பின்னும் இதே ஜாதிதான், பேங்க்தான் பாக்குது. ஆனா கார்டு பின் எல்லா இடத்துலயும் காவல் நிக்கும்னு நெனச்சா அதுவும் இல்ல. 2021 ஜனவரில இருந்து 5,000 ரூபா வரைக்கும் கார்ட மெஷின் மேல காட்டி தட்டினாலே காசு போகும், பின் கேக்காது. என் மச்சானோட கார்டு கீழ விழுந்து, எடுத்தவன் பெட்ரோல் பங்க்ல ரெண்டு தடவ தட்டிட்டான், மச்சான் “பின் யாருக்கும் சொல்லலையே மாப்ள”ன்னு புலம்புறாரு. பின்ன யாருமே கேக்கலையே. பேங்க் ஆப்ல கார்டு செட்டிங்ஸ் உள்ள காண்டாக்ட்லெஸ் ஆன் ஆஃப் இருக்கும், நான் ஆஃப் பண்ணி வச்சிருக்கேன், கடைல பத்து செகண்ட் கூட ஆகுது, பரவால்ல.

போன் லாக்ல தான் எனக்கு தெளிவு வர ரொம்ப நாள் ஆச்சு. ரீஸ்டார்ட் பண்ணா கைரேகை எடுக்காது, நம்பர் தான் கேக்கும், கவனிச்சிருப்பீங்க. உள்ள இருக்கற போட்டோ, சாட் எல்லாம் பூட்டுன நிலைமைல இருக்கு, அந்த நம்பர் வந்தாதான் அதைத் தொறக்கற சாவியே உருவாகும், அதனாலதான். அதாவது போன் லாக் காப்பாத்தறது போன்ல இருக்கற விஷயத்த. சிம் அந்தக் கணக்குல வராது! ஊசிய குத்தி சிம்ம உருவி வேற போன்ல போட்டா ஓடிபி எல்லாம் அங்க போகும், உங்க போன் லாக் இருபது எழுத்தா இருந்தாலும் சரி. இதுக்கு தனியா சிம் பின் இருக்கு, ஆண்ட்ராய்டுல செக்யூரிட்டி செட்டிங்ஸ்ல சிம் லாக்னு வரும். போடுறதுக்கு முன்னாடி ஆபரேட்டர் குடுத்த முதல் பின் என்னன்னு கேட்டுக்கோங்க, குத்துமதிப்பா மூணு தடவ தப்பா தட்டினா PUK கோடுன்னு ஆபரேட்டர்கிட்ட இருக்கற இன்னொரு நம்பர் கேக்கும், அதையும் பத்து தடவ தப்பா அடிச்சா சிம் செத்துரும்.

இன்னொண்ணு, யூபிஐ லைட். 1,000 ரூபா வரைக்கும் அதுல பின்னே கிடையாது, மொத்தமா 5,000 வரைக்கும் அதுல போட்டு வைக்கலாம். அந்தக் காசுக்கு காவல் போன் லாக் மட்டும்தான். போன் லாக்க நான் டீக்கடை, பஸ், ஆபீஸ் லிஃப்ட்னு நாள் பூரா எல்லார் முன்னாடியும் தட்டுறேன், என் ஆறு வயசு பொண்ணுக்கே தெரியும். அந்த நம்பர் கார்டுக்கும் இருந்துச்சுன்னா, போனையும் பர்ஸையும் சேத்து அடிச்சவனுக்கு நானே ஏடிஎம் வாசல் வரைக்கும் வழி காட்டுன மாதிரி.

இப்ப மூணும் வேற வேற. போனுக்கு ஆறு நம்பர், கார்டுக்கு சம்பந்தமில்லாத நாலு. வாலட்டுக்கு எட்டு, அதை மட்டும் மூணு மாசத்துக்கு ஒரு தடவ சும்மா சொருகித் தட்டிப் பாக்கறேன், விரல் மறக்காம இருக்க. 24 வார்த்தையையும் பெரிய எழுத்துல, ஒவ்வொண்ணா இடம் விட்டு புதுசா எழுதி அம்மா வீட்டு லாக்கர்ல வச்சிருக்கேன், `walk`ல அந்த கே மட்டும் ரெண்டு தடவ அழுத்தி எழுதினேன்.