ஃபிஷிங் ஒத்திகை: கிளிக்கை எண்ணுவதா, தகவல் சொன்னதை எண்ணுவதா?

எங்களுடையது உரம், விதை, பூச்சிமருந்து மொத்த வியாபாரம். தலைமை அலுவலகம் தஞ்சாவூரில், கிளைகள் பாபநாசம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறையில். கணக்கோடு கம்ப்யூட்டரும் என் தலையில்தான். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று சப்ளையர் பெயரில் போலி மெயில்கள், அதாவது ஃபிஷிங், வர ஆரம்பித்ததும், அதே மாதிரி மெயிலை நாமே அனுப்பி ஊழியர்களுக்கு ஒத்திகை வைத்துப் பார்க்கச் சொன்னார் முதலாளி. விசாரித்ததில் இரண்டு வழிகள் தெரிந்தன.

முதல் வழியில், தலைக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கட்டினால் ஒரு சேவை நிறுவனமே போலி மெயில்களைச் சொல்லாமல் அனுப்பிவிடும். கிளிக் செய்தவர்களின் பெயர்ப்பட்டியல் முதலாளிக்குப் போகும், பட்டியலில் வந்தவர் ஒரு வீடியோ பார்த்தாக வேண்டும். இரண்டாவது வழியில், Gophish என்ற இலவச மென்பொருளை நாமே நிறுவி, "இந்த அரையாண்டில் ஒத்திகை உண்டு, தேதி மட்டும் சொல்லமாட்டோம்" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு நடத்துவது. இதில் எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்பது இரண்டாம்பட்சம். எத்தனை பேர், எவ்வளவு சீக்கிரம் நமக்குத் தகவல் சொன்னார்கள் என்பதுதான் கணக்கு. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சந்தா சேவையில் மாதிரி மெயில்கள் தயாராக இருக்கும், ஆனால் நான் பார்த்தவை எல்லாம் ஆங்கிலத்தில், பன்னாட்டுக் கம்பெனி அலுவலக வாடையோடு இருந்தன. Gophish-க்குப் பணம் இல்லை, உழைப்பு உண்டு. தனி டொமைன் வாங்க வேண்டும். நம் மெயில் சேவையின் வடிகட்டி அதைத் தடுக்காதபடி அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தமிழில் மெயில் எழுதவும் வேண்டும். மெயிலைத் தொடர்ந்து திறக்கும் போலிப் பக்கத்தில் ஊழியர் தட்டும் பாஸ்வேர்டு நம் கைக்கு வரவே கூடாது என்பதால், அதில் உள்ள "Capture Passwords" கட்டத்தில் டிக் போடாமல் விட வேண்டும்.

அவமானம் என்ற விஷயத்தில் இரண்டு வழிகளும் நேர் எதிர். 2020 டிசம்பரில், இணைய டொமைன் விற்கும் அமெரிக்காவின் கோடாடி நிறுவனம் 650 டாலர் விடுமுறை போனஸ் என்று ஊழியர்களுக்கு மெயில் அனுப்பி, பிறகு அது பரிசோதனை என்று சொன்னது. கொரோனா நெருக்கடிக் காலம் அது. கடும் கண்டனம் எழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நம் ஊரில் இதற்குச் சமம் தீபாவளி போனஸ் மெயில். கிளிக் நிச்சயம் விழும், ஆனால் அதற்குப் பிறகு அலுவலகத்திலிருந்து போகும் நிஜமான மெயிலையும் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் சம்பளம், போனஸ், லீவு, மருத்துவம், குடும்பம் ஆகியவற்றைத் தொடுவதில்லை, அரசுத் துறை பெயரையோ வங்கி பெயரையோ போடுவதில்லை என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டோம். கற்பனை சப்ளையரின் திருத்திய பில், லாரி வாடகை ரசீது, மெயில் பெட்டி நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை, இவை போதும்.

கிளிக் செய்தவர் கடைசியாகப் போய் விழும் பக்கத்தில் "மாட்டிக்கொண்டீர்கள்" என்றோ சிவப்பு மண்டையோடோ கிடையாது. அவருக்கு வந்த அதே மெயிலின் படம், அதில் இரண்டே இரண்டு இடத்தில் வட்டம். அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருப்பது ஒன்று, "இன்று மாலைக்குள்" என்ற அவசரம் மற்றொன்று. கீழே, சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய எண். அந்தப் பக்கத்தை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சான் டியேகோ மருத்துவமனையில் 19,500-க்கு மேற்பட்ட ஊழியர்களிடம் எட்டு மாதம் நடத்திய ஆய்வில், பெரும்பாலானோர் ஒரு நிமிடம்கூட அந்தப் பயிற்சிப் பக்கத்தில் இருக்கவில்லை. பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஏமாறுவதில் இருந்த வித்தியாசம் 1.7 சதவீதம்தான்.

நான் முடிவெடுத்தது அளவீட்டை வைத்துத்தான். கிளிக் சதவீதம் எளிமையாகத் தெரிகிற எண், அதனால்தான் ஆபத்து. மெயில் பயன்படுத்தும் பணியாளர்கள் 70 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாத ஒத்திகையில் 14 கிளிக், அதாவது 20 சதவீதம். வகுப்பு எடுத்துவிட்டு செப்டம்பரில் வேறொரு மெயில் அனுப்பினால் 7 கிளிக், 10 சதவீதம். சந்தா சேவையின் அறிக்கை இதை "பாதியாகக் குறைந்தது" என்று பச்சைக் கட்டத்தில் காட்டும். முதலாளிக்கு மகிழ்ச்சி, வகுப்பு எடுத்தவருக்கும் மகிழ்ச்சி. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில் அந்த 14. மெயில் பாதுகாப்பு மென்பொருள்கள் பல, மெயில் வந்தவுடன் உள்ளே இருக்கும் இணைப்பைத் தாமே திறந்து சோதிக்கும். அதுவும் "Clicked Link" என்றுதான் பதிவாகும். மெயில் போய்ச் சேர்ந்த சில நொடிகளில், நம் அலுவலகத்துக்கோ ஊழியரின் போனுக்கோ சம்பந்தமில்லாத ஐபி முகவரியிலிருந்து வந்த கிளிக்கை மனிதர் தலையில் கட்டக்கூடாது. அப்படி ஐந்து இருந்தால், மிச்சம் ஒன்பது. பெயர்ப்பட்டியல் அனுப்பும் முறையில் இந்த ஐந்து பேரும் செய்யாத தப்புக்கு வீடியோ பார்த்திருப்பார்கள்.

இப்போது 70-ல் ஒன்பதும் 70-ல் ஏழும். கூட்டம் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, தற்செயலுக்கு இடம்விட்டுக் கணக்குப் போட்டால் முதலாவது சுமார் 7 முதல் 23 சதவீதம் வரை எங்கேயும் இருக்கலாம், இரண்டாவது சுமார் 5 முதல் 19 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. குறைந்தது என்று சொல்ல இதில் ஆதாரமே இல்லை.

அடுத்தது மெயிலின் கடினம். மேலே சொன்ன சான் டியேகோ ஆய்விலேயே, அவுட்லுக் பாஸ்வேர்டை மாற்றச் சொன்ன மெயிலில் கிளிக் செய்தவர்கள் 1.82 சதவீதம், விடுமுறை விதி மாற்றம் என்ற மெயிலில் 30.8 சதவீதம். மக்கள் அதே மக்கள், மெயில்தான் வேறு. அடுத்த மாதம் "முன்னேற்றம்" காட்ட வேண்டுமானால் லேசான மெயிலைப் போட்டால் முடிந்தது. அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் இதற்காகவே ஃபிஷ் ஸ்கேல் என்று ஓர் அளவுகோல் தந்திருக்கிறது. மெயிலில் காட்டிக்கொடுக்கும் தடயங்கள் எத்தனை, அந்த மெயிலின் சங்கதி பெறுபவரின் அன்றாட வேலையோடு எவ்வளவு ஒட்டுகிறது என்ற இரண்டையும் வைத்துக் கடினத்தைச் சொல்வது. எங்கள் இடத்தில் இரண்டாவதுதான் பெரிது. திருத்திய பில் என்றால் கணக்குப் பிரிவுக்கு அது தினசரிச் சோறு. குடோன் பொறுப்பாளருக்கு அப்படி ஒரு மெயில் வருவதே அபூர்வம், அவர் சும்மாவே சந்தேகப்படுவார். நாள் முழுக்க அறிமுகமில்லாத முகவரியிலிருந்து வரும் பில்லைத் திறப்பதே வேலையாக உள்ளவரை, வாரத்துக்கு இரண்டு மெயில் பார்ப்பவரோடு ஒரே பட்டியலில் வைப்பது அநியாயம்.

பருவம் இன்னொன்று. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டிக் குறுவைக்கு உரம் வாங்கக் கூட்டம் வரும். ஒரு கையில் பில் போட்டுக்கொண்டே மறு கையில் மெயில் பார்க்கும் நேரம் அது. அப்போது எடுத்த கணக்கை, கூட்டம் குறைந்த வேறொரு மாதத்தோடு ஒப்பிட்டால் நாம் அளப்பது வேலைப்பளுவை, விழிப்பை அல்ல.

இதற்கு நான் செய்த ஏற்பாடு குறுக்கு மாற்று. கடினம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இரண்டு மெயில்களை எழுதிக்கொள்வது. ஒவ்வொரு கிளையிலும் ஆட்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, முதல் சுற்றில் ஒரு பாதிக்கு முதல் மெயில், மறு பாதிக்கு இரண்டாவது. அடுத்த சுற்றில் மாற்றிப் போடுவது. அப்போது ஒரே மெயிலை, வகுப்புக்கு முன் பார்த்த பாதியையும் வகுப்புக்குப் பின் பார்த்த பாதியையும் வைத்து ஒப்பிடலாம். முழுக்கச் சுத்தமான கணக்கு என்று சொல்லமாட்டேன். மன்னார்குடியில் டீக்கடையில் பேசியது மறுநாள் திருத்துறைப்பூண்டிக்குத் தெரிந்துவிடும். அதனால் இரண்டாம் சுற்றில் சப்ளையர் பெயரையும் தொகையையும் மாற்றி, அமைப்பை மட்டும் அப்படியே வைக்கிறேன். பருவ வித்தியாசம் இதில் போகாது, அதற்கு அடுத்த ஆண்டின் அதே பருவம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தகவல் சொன்னதை எண்ணுவது ஏன் மேல்? திருடனுக்கு ஒரே ஒரு ஆள் போதும். 70 பேரில் ஏழு பேர் ஏமாந்தாலும் மூன்று பேர் ஏமாந்தாலும் அவனுக்கு வேலை முடிந்தது. நமக்கும் அப்படியே, ஒரே ஒருவர் சீக்கிரம் சொன்னால் போதும். மெயில் நிர்வாகி மற்றப் பெட்டிகளிலிருந்து அதை நீக்கி, அந்த முகவரியைத் தடுத்து, ஏற்கெனவே பாஸ்வேர்டு கொடுத்தவருடையதை மாற்றிவிடலாம். ஆகவே நான் எழுதி வைப்பது மூன்று விஷயங்கள். மெயில் போன நேரத்திலிருந்து முதல் தகவல் வர எத்தனை நிமிடம், முதல் ஆள் பாஸ்வேர்டு கொடுப்பதற்கு முன்னால் தகவல் வந்ததா, மொத்தம் எத்தனை பேர் சொன்னார்கள். சுவிட்சர்லாந்தின் இடிஎச் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14,000-க்கு மேற்பட்ட ஊழியர்களிடம் 15 மாதம் பார்த்து 2022-ல் வெளியிட்டதிலும் இதே போக்கு தெரிகிறது. கிளிக் செய்தவருக்கு உடனே காட்டும் பயிற்சிப் பக்கம் பலன் தரவில்லை, ஆனால் ஊழியர்களே தகவல் சொல்லிப் பிடிப்பது பெரிய நிறுவனத்திலும் நடைமுறைக்கு ஒத்துவந்தது.

இதிலும் எண்ணும் விதத்தில் நியாயம் வேண்டும். மெயிலில் உள்ள பட்டனை அழுத்தினால்தான் கணக்கு என்றால் கிளை ஆட்கள் விடுபட்டுப்போவார்கள், அவர்கள் போன்தான் போடுவார்கள். "அண்ணே, இந்த லாரி வாடகை மெயிலு நம்ம அனுப்புனதா?" என்று மயிலாடுதுறையிலிருந்து வந்த அழைப்பும் தகவல்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமும் தகவல்தான். அவற்றை நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும், Gophish-இன் "Email Reported" எண்ணிக்கையில் அவை தானாக வராது. அன்று லீவில் இருந்தவரை மொத்தத்திலிருந்து கழித்துவிட வேண்டும். கிளிக் செய்துவிட்டு உடனே "தட்டிட்டேன் அண்ணே" என்று சொன்னவர் தகவல் சொன்னவர் பட்டியலில்தான் வருவார். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் முழு ஏற்பாடும் வீண், ஏனென்றால் நிஜத் தாக்குதலில் நமக்கு முதலில் வேண்டியது அவருடைய போன்தான்.

முதலாளிக்குப் போகும் தாளில் பெயர் இருக்காது, கிளைவாரிக் கணக்குகூட ஐந்து பேருக்குக் குறைவான கிளைக்குத் தருவதில்லை. நான்கு பேர் உள்ள இடத்தில் "ஒருவர்" என்றாலே யார் என்று தெரிந்துவிடும்.

முதல் வழிக்கு நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. தணிக்கையாளர் கிளிக் சதவீதத்தைத்தான் கேட்பார் என்ற நிலையில் உள்ள நிறுவனத்துக்கு, பெயர்ப்பட்டியலை நிறுத்திவைத்துக்கொண்டு சந்தா சேவையையே பயன்படுத்துவது சுலபம். ஆயிரக்கணக்கான பேர் உள்ள இடத்தில் போன் தகவலைக் கையால் குறிப்பது நடக்காது. அந்த அளவில் நான் வேலை பார்த்ததில்லை. தகவல் சொல்லும் பழக்கம் மூன்று நான்கு ஆண்டு தாங்குமா என்பதற்கும் என் அனுபவம் போதாது.

இருபது பேருக்குள் இருக்கும் கடையென்றால் இரண்டு வழியும் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் எந்தச் சதவீதமும் அர்த்தமில்லாதது. வங்கிக் கணக்கு மாற்றம் என்று மெயில் வந்தால், மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு நம் பழைய பில்லில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்ட பிறகே பணம் போவது என்று ஒரு விதியும், மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போதும். பணம் போயே விட்டால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணைக் கேஷியர் மேஜையில் ஒட்டி வைக்கலாம்.